இரண்டு முட்டை ஆம்லெட்: செயலி காட்டும் 188 கலோரியை நம்பலாமா?

ஈசூன் வாசகன்

அனைவருக்கும் வணக்கம். உடல் எடையைக் குறைக்கும்படி பலதுறை மருந்தகத்தில் அறிவுரை கூறியதிலிருந்து, நான் உண்பதையெல்லாம் கைப்பேசிச் செயலி ஒன்றில் குறித்து வருகிறேன். வார நாட்களில் காலையில் இரண்டு முட்டையை வெங்காயம், பச்சை மிளகாயுடன் அடித்து ஆம்லெட்டாகச் சாப்பிடுவது வழக்கம். செயலியில் 'ஆம்லெட், ஒரு முட்டை' என்று தேடினால் 94 கலோரி, 7.1 கிராம் கொழுப்பு என்று வருகிறது. வேகவைத்த முட்டைக்கு 78 கலோரி, 5.3 கிராம் கொழுப்பு. பொரித்த முட்டைக்கு 90 கலோரி, 6.8 கிராம் கொழுப்பு. வேகவைத்ததற்கும் ஆம்லெட்டுக்கும் வித்தியாசம் ஒரு முட்டைக்கு 16 கலோரிதான் என்றால், அதற்காக ஆம்லெட்டைத் துறக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நேற்று வாணலியில் எண்ணெய் ஊற்றும்போது, இத்தனை எண்ணெயும் வெறும் 16 கலோரிக்குள் எப்படி அடங்கும் என்ற ஐயம் வந்துவிட்டது. நான் எங்கே தவறு செய்கிறேன்?

கரண்டிக்காரி

தவறு எதுவும் இல்லை, அண்ணன். நானும் இதைத் தேடிப் பார்த்திருக்கிறேன். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியலில் 100 கிராமுக்கு என்று பார்த்தால், வேகவைத்த முட்டைக்கு 155 கலோரி, ஆம்லெட்டுக்கு 154 கலோரி என்றுதான் இருக்கிறது. ஆம்லெட்டில் ஒரு கலோரி குறைவு! முட்டை வேகும்போது அதிலுள்ள நீர் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் உள்ளே நுழைய முடியாது. பெரும்பகுதி வாணலியிலேயே தங்கிவிடும். அதோடு நான் பயன்படுத்துவது ஆலிவ் எண்ணெய், அதில் கலோரியும் குறைவு.

பொங்கோல் பாட்டி

தம்பி, என் அனுபவத்தைச் சொல்கிறேன். எனக்குக் கொலஸ்ட்ரால் கூடியபோது மஞ்சள் கருவை விட்டுவிடும்படி மருத்துவர் சொன்னார். அன்றிலிருந்து வெள்ளையை மட்டும்தான் சாப்பிடுகிறேன். நீங்களும் மஞ்சள் கருவை எடுத்துவிட்டால் இந்தக் கணக்கே தேவைப்படாது. என் வீட்டுக்காரர் மட்டும் இன்னமும் கோப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டை இரண்டை மிளகுத்தூளும் சோயா சாறும் விட்டுக் குடித்துவிட்டு வருகிறார். அதுவும் ஆம்லெட் மாதிரி கெடுதல்தானே?

நிறைகோல்

ஐயா கேட்டிருப்பது நல்ல கேள்வி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிறுவனச் சமையற்கூடங்களில் உணவுத் திட்டம் வகுக்கும் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் செயலியின் எண்களையே பிரித்துப் பார்ப்போம். அவை அந்த அமெரிக்கப் பட்டியலிலிருந்து வந்தவை. அதில் ஓடு நீக்கிய பெரிய பச்சை முட்டை ஒன்று 50 கிராம், 72 கலோரி, கொழுப்பு ஏறத்தாழ 4.8 கிராம். ஆம்லெட்டுக்கு 94 கலோரி என்றால் கூடியிருப்பது 22 கலோரி. எந்தச் சமையல் எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்குச் சுமார் 9 கலோரி, ஆகவே அந்த 22 கலோரி என்பது இரண்டரை கிராமுக்கும் சற்றுக் குறைவான எண்ணெய். கொழுப்புக் கணக்கும் அதையே சொல்கிறது: 7.1 கிராமிலிருந்து 4.8 கிராமைக் கழித்தால் 2.3 கிராம். ஒரு தேக்கரண்டி எண்ணெய் நாலரை கிராமுக்கு மேல் இருக்கும். ஆக, பட்டியலில் உள்ள ஆம்லெட் அரைத் தேக்கரண்டி எண்ணெயில் செய்த ஆம்லெட். நீங்கள் அப்படிச் செய்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

100 கிராம் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது என்பதையும் கரண்டிக்காரி கவனிக்க வேண்டும். பட்டியலில் ஒரு முட்டை ஆம்லெட்டின் எடை 61 கிராம், அதிலுள்ள புரதமோ ஒரே ஒரு முட்டையின் அளவுதான். 50 கிராம் முட்டையும் இரண்டு கிராம் எண்ணெயும் சேர்ந்து 61 ஆகாது. மீதம் பெரும்பாலும் அடிக்கும்போது சேர்த்த நீராகத்தான் இருக்க முடியும். நீரால் எடை கூடுகிறது, கலோரி கூடுவதில்லை, ஆகவே 100 கிராமுக்கு என்று வகுத்தால் ஆம்லெட் இளைத்துத் தெரிகிறது. நாம் 100 கிராம் ஆம்லெட் சாப்பிடுவதில்லை, ஒரு முட்டை ஆம்லெட்டோ இரண்டு முட்டை ஆம்லெட்டோ சாப்பிடுகிறோம். முட்டைக்கு முட்டை ஒப்பிடுவதே சரி.

ஆலிவ் எண்ணெயிலும் கலோரி குறையாது. நெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், ஆலிவ் எல்லாமே கிராமுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது கொழுப்பின் வகை. ஒரு தேக்கரண்டி நெய்யில் நிறைவுற்ற கொழுப்பு மூன்று கிராமை நெருங்கும், ஒரு முழு முட்டையில் இருப்பதே 1.6 கிராம்தான்.

பாட்டி, உங்கள் வீட்டுக்காரர் சாப்பிடும் அரைவேக்காட்டு முட்டையில் எண்ணெய் ஒரு துளியும் இல்லை. அது ஆம்லெட்டின் பக்கம் அல்ல, வேகவைத்ததன் பக்கம். கூடவே வரும் காயா ரொட்டியின் நடுவில் வைக்கும் வெண்ணெய்த் துண்டு 10 கிராம் இருந்தால் அதுவே ஒரு முழு முட்டைக்கு ஈடான கலோரி. மஞ்சள் கருவும் கொலஸ்ட்ராலும் வேறு விவாதம். உங்களுக்கு மருத்துவர் சொன்னது உங்கள் உடம்பைப் பார்த்துச் சொன்னது, அதை இங்கே யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

கரண்டிக்காரி

நீரைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எண்ணெய் வாணலியில் தங்கிவிடும் என்று நான் சொன்னதற்கு நீங்கள் பதில் தரவில்லை. ஊற்றிய எண்ணெய் முழுவதையும் கணக்கில் எழுதினால் அதுவும் தவறுதானே?

நிறைகோல்

அந்த இடத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. ஊற்றியது முழுவதும் வயிற்றுக்குப் போவதில்லை. எவ்வளவு போகிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை, நிறுத்தே பார்க்கலாம். சமையலறைத் தராசு ஒன்றிருந்தால் போதும். வெறும் வாணலியை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் எண்ணெய் ஊற்றி மறுபடியும் நிறுங்கள், கூடியது ஊற்றிய எண்ணெய். முட்டையைப் பொரித்துத் தட்டுக்கு மாற்றியபின் வாணலியை மூன்றாவது முறை நிறுங்கள். இரண்டாவது எண்ணிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் முட்டையோடு போன எண்ணெய் கிடைக்கும்.

சூடான வாணலியை நேரே தராசின்மேல் வைத்தால் எண் நகர்ந்துகொண்டே இருக்கும், ஆகவே மரப்பலகை ஒன்றை இடையில் வைத்து அதனோடு சேர்த்து மூன்று முறையும் நிறுங்கள். இதில் எதிரெதிரான இரண்டு பிழைகள் உண்டு. வாணலியில் முட்டைத் துணுக்கு ஒட்டியிருந்தால் மீந்த எண்ணெய் அதிகமாகத் தெரியும், முட்டை குடித்தது குறைவாகத் தெரியும். அடுப்பில் எண்ணெய் தெறித்தால் நேர்மாறு. இரண்டும் ஓரிரு கிராமுக்குள் அடங்கும், நம் தேவைக்கு அது போதும்.

படைமுகாம் இளவல்

அண்ணன்மார்களே, நான் இதைவிட எளிதாகச் செய்து பார்த்துவிட்டேன். தேசிய சேவை விடுப்பில் வீட்டுக்கு வந்தபோது இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி நிறுத்தேன், 101 கிராம். புல்ஸ் ஐ போட்டபின் நிறுத்தேன், 95 கிராம். எடை குறைந்திருக்கிறது. ஆகவே எண்ணெய் ஏறவே இல்லை என்பதுதானே பொருள்? நான் ஒரு நாளைக்கு ஆறு முட்டை சாப்பிடுகிறேன், இது எனக்கு நல்ல செய்தி.

நிறைகோல்

இல்லை, தம்பி. முட்டையில் நான்கில் மூன்று பங்கு நீர். பொரிக்கும்போது எழும் நீராவியும் சடசடவென்ற சத்தமும் அந்த நீர் வெளியேறுவதுதான். 10 கிராம் நீர் போய் 4 கிராம் எண்ணெய் வந்திருந்தாலும் தராசு 6 கிராம் குறைந்ததாகத்தான் காட்டும். பட்டியலிலும் அப்படித்தான்: 50 கிராம் பச்சை முட்டை பொரித்தபின் 46 கிராமாகிறது, கலோரியோ 72-லிருந்து 90-க்கு ஏறுகிறது. அதனால்தான் முட்டையை நிறுக்காமல் வாணலியை நிறுக்கச் சொன்னேன்.

தேக்கா அடுப்படி

நான் கடையில் வாணலி பிடிப்பவன். நீங்கள் எல்லாரும் வீட்டு ஆம்லெட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். உணவங்காடியில் கலவைச் சோற்றுக் கடைகளில் பொன்னிறமாகப் பொங்கி நிற்கும் ஆம்லெட்டை வீட்டில் உங்களால் கொண்டுவர முடியாததற்குக் காரணம் எண்ணெய்தான். குழிந்த வாணலியில் எண்ணெய் தாராளமாக இருக்க வேண்டும், புகை எழும் அளவுக்குச் சூடாக இருக்க வேண்டும், நன்றாக அடித்த முட்டையை உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். உடனே கடற்பஞ்சு போல ஊதி எழும். பஞ்சு போல என்று சொன்னது பொங்குவதற்கு மட்டுமல்ல, உறிஞ்சுவதற்கும் சேர்த்துத்தான். தட்டில் அடுக்கி ஒரு மணி நேரம் கழித்து அடித்தட்டைப் பார்த்தால் எண்ணெய் தேங்கியிருக்கும்.

மீ கோரெங் மீது வைக்கும் 'தெலோர் மாத்தா'வில் அவ்வளவு எண்ணெய் ஏறாது. வெள்ளையின் அடிப்பக்கம் வழவழப்பாக இருக்கும், சாய்த்தால் எண்ணெய் வழிந்துவிடும். ஓரம் மொறுமொறுவென்று சரிகைபோல் வருகிறதே, அங்கேதான் எண்ணெய் தங்கும்.

நிறைகோல்

அடுப்படி ஐயா சொன்னதுதான் இந்த இழையின் சாரமான விஷயம் என்பேன். புல்ஸ் ஐ-யில் எண்ணெயைத் தொடுவது அடிப்பக்கமும் ஓரமும் மட்டும். ஆம்லெட் விரிந்து பரவுகிறது, அடித்ததால் உள்ளே காற்றுக் குமிழ்கள் இருக்கின்றன, ஊற்றும்போது ஓரத்துக்கு ஒதுங்கும் எண்ணெய் மேலேறி வந்துவிடுகிறது, நாமோ அதை அப்படியே மடித்து உள்ளே பூட்டிவிடுகிறோம். வெங்காயத்தை முதலில் வதக்கினால் அதுவும் தன் பங்குக்குக் குடித்துவிடும். பட்டியலில் பொரித்த முட்டைக்கும் ஆம்லெட்டுக்கும் 4 கலோரிதான் வித்தியாசம், ஏனென்றால் இரண்டையும் அதே கொஞ்ச எண்ணெயில் செய்திருக்கிறார்கள். நம் அடுப்பில் அந்த வித்தியாசம் பல மடங்கு.

ஈசூன் வாசகன்

மூன்று நாள் காத்திருந்து நிறுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன். என் வாணலி பலகையோடு சேர்த்து 1,126 கிராம். முதல் நாள் வழக்கம்போல் புட்டியிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றி ஊற்றினேன். 1,143 ஆனது, அதாவது 17 கிராம் எண்ணெய். ஒரு மேசைக்கரண்டிக்கும் மேல் ஊற்றுகிறேன் என்பதே எனக்குச் செய்தி. ஆம்லெட்டை எடுத்தபின் 1,132. ஆக 11 கிராம் ஆம்லெட்டோடு போயிருக்கிறது. இரண்டாம் நாள் 14 ஊற்றி 9 போனது, மூன்றாம் நாள் 19 ஊற்றி 12 போனது.

முதல் நாள் கணக்கை எழுதுகிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள். இரண்டு பச்சை முட்டை 144 கலோரி, 11 கிராம் எண்ணெய் 99 கலோரி, வெங்காயம் பத்துக் கலோரி சொச்சம். மொத்தம் 250-க்குப் பக்கம். செயலியில் நான் எழுதி வந்தது 188. கொழுப்பு 14 கிராம் என்று எழுதி வந்தேன், உண்மையில் 20 கிராமைத் தாண்டுகிறது. அதே இரண்டு முட்டையை வேகவைத்திருந்தால் 156 கலோரியும் பத்தரை கிராம் கொழுப்பும்தான்.

ஞாயிற்றுக்கிழமை புல்ஸ் ஐ-யும் போட்டுப் பார்த்தேன். இரண்டு முட்டைக்கு 10 கிராம் ஊற்றினேன், 4 கிராம் போனது. 180 கலோரி. அடுப்படி அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது.

ஒரு சிறு ஐயம். பச்சை முட்டை 72, வேகவைத்தது 78 என்கிறார்கள். வெறும் நீரில் வேகவைத்தால் கலோரி கூடுமா?

நிறைகோல்

கணக்கு சரியாக இருக்கிறது. வேகவைப்பதால் கொழுப்பு உண்டாகாது. அந்த 6 கலோரி வித்தியாசம் வேறு வேறு முட்டைகளைச் சோதித்ததால் வருவது, எந்த இரண்டு முட்டைக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். ஓடில்லாமல் கொதிநீரில் இட்டு எடுக்கும் முட்டைக்கு அதே பட்டியல் பச்சை முட்டையின் எண்ணையே தருகிறது. இனிமேல் பச்சை முட்டையை அடிப்படையாக வைத்து, எண்ணெயைத் தனி வரியாக எழுதுங்கள். 'ஆம்லெட்' என்ற பதிவையே தொடாதீர்கள்.

பொங்கோல் பாட்டி

எனக்கு ஒன்று விளங்கவில்லை. வாணலியில் மீந்த அந்த 6 கிராம் எண்ணெயை யார் கழுவி ஊற்றுகிறார்கள்? எங்கள் வீட்டில் அடுத்த முட்டையை அதிலேயே ஊற்றுவோம், இல்லாவிட்டால் தோசையை ஊற்றுவோம். கடைசியில் எல்லாம் நம் வயிற்றுக்குத்தானே போகிறது?

நிறைகோல்

பாட்டி ஒரே கேள்வியில் என்னைக் கவிழ்த்துவிட்டார். நான் சொன்ன முறை மீந்த எண்ணெயைத் துடைத்தெறியும் வீட்டுக்கு மட்டுமே பொருந்தும். மீந்ததை அடுத்த பண்டத்துக்குப் பயன்படுத்தும் வீட்டில், புட்டியில் குறைந்ததுதான் கணக்கு. அங்கே ஆம்லெட்டுக்கென்று ஒரு சிறு புட்டியை ஒதுக்கி, திங்கட்கிழமை காலையும் ஞாயிறு இரவும் நிறுத்து, குறைந்ததை முட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடலாம். துல்லியம் குறைவு, ஆனால் எதுவும் நழுவாது.

கரண்டிக்காரி

என் ஆம்லெட்டையும் நிறுத்தேன், முடிவை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது: ஒரு முட்டைக்கு 7 கிராம். ஆனால் எடுத்தவுடன் டிஷ்யூ தாளில் இரண்டு பக்கமும் ஒற்றி அந்தத் தாளை நிறுத்தால் 2 கிராம் கூடியிருக்கிறது. அப்படியானால் ஒற்றி எடுப்பது வீண் வேலை இல்லை என்று நான் வைத்துக்கொள்ளலாமா?

நிறைகோல்

தாள் எண்ணெயை மட்டுமல்ல, நீராவியையும் உறிஞ்சும். அந்தத் தாளை ஓர் இரவு காயவிட்டு மறுநாள் நிறுத்தால் எவ்வளவு எண்ணெய் என்று தெரியும். மடிக்காத ஆம்லெட்டில் ஒற்றுவதால் பயன் இருக்கும், மடித்தபின் ஒற்றினால் வெளிப்பக்கம் மட்டும்தான்.

தேக்கா அடுப்படி

என் கருத்தில் ஒற்றுவதைவிட ஊற்றுவதைக் குறைப்பது மேல். நான்ஸ்டிக் வாணலி என்றால் ஒரு தேக்கரண்டி போதும். இரும்புத் தோசைக்கல்லில் அது நடக்காது, ஒட்டிப் பிய்ந்து, பிறகு ஓரத்தில் இன்னும் எண்ணெய் விட்டு, முன்பைவிட அதிகமாக முடியும். எண்ணெயைத் தடவியபின் வாணலி நன்றாகச் சூடேறும்வரை பொறுங்கள். ஒரு துளி முட்டையை விட்டால் உடனே வெண்மையாக வேண்டும். ஆறிய வாணலியில் ஊற்றுவதால்தான் ஒட்டுகிறது, ஒட்டுவதால்தான் மறுபடியும் புட்டியை எடுக்கிறோம்.

படைமுகாம் இளவல்

அப்படியானால் கடை ஆம்லெட்டுக்கு என்ன எண்ணை எழுதுவது? முகாமுக்குத் திரும்பும் வழியில் நான் சாப்பிடுவது அதைத்தான்.

நிறைகோல்

அதற்கு நேர்மையான ஓர் எண்ணை என்னால் தர முடியாது. கடைக்குக் கடை, சட்டிக்குச் சட்டி மாறும். ஒரு முட்டைக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் என்று, அதாவது 150 கலோரிக்கு மேல் என்று நானே எழுதிக்கொள்வேன்.

தேக்கா அடுப்படி

அது குறைவு என்பேன். மூன்று என்று எழுதுங்கள்.

நிறைகோல்

வடிகட்டியில் நிறுத்தி வைக்கும் கடையிலுமா?

தேக்கா அடுப்படி

மதிய நெரிசலில் யார் வடிகட்டுகிறார்கள்? இருந்தாலும் என் கடைச் சட்டியை நிறுக்க உங்கள் வீட்டுத் தராசு தாங்காது. பெரிய தராசு கிடைத்தால் நிறுத்துவிட்டு எழுதுகிறேன்.

ஈசூன் வாசகன்

இன்று காலை இரண்டு தேக்கரண்டி அளந்து ஊற்றினேன், 9 கிராம். அவசரத்தில் வாணலி சூடேறுமுன் ஊற்றியதால் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டது. என் மனைவி அதை ஆம்லெட் என்று ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டார். துணுக்குகள் ஒட்டிய வாணலியை நிறுத்ததில் 5 கிராம்தான் போனதாகக் காட்டியது. நிறைகோல் ஐயா முன்பே சொன்ன பிழை இது என்பதால் அந்த எண்ணை எழுதவில்லை. நாளை சூடேற்றிவிட்டு மறுபடியும் நிறுக்கிறேன்.